‘முறைகள்’ என்ற வரி

ஆய்வகத்தில் அவளுக்கு மண்ணாங்கட்டி என்று பேர். குப்பைமேடு, சாக்கடையோரம், பட்டறை வாசல் என்று அலைந்து பைபையாய் மண் அள்ளி வருவதுதான் அவள் ஆராய்ச்சி. பேச்சு குறைவு. வைத்தவர்களே மறந்துவிட்ட பேருக்கு இன்னும் திரும்பிப் பார்ப்பாள். இந்த மாதத்தோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது. இன்றைய நேர்காணலில் தேறாவிட்டால் அண்ணன் வீடுதான் கதி.

வேலை, உலோகங்களை அளக்கும் பெரிய கருவியைப் பார்த்துக்கொள்வது. அதற்கு அவள் ஆய்வகத்தில் அதே கருவியை ஓட்டும் மெஷின் அக்காவும் வந்திருந்தாள். முதலில் உள்ளே போனவள் முகம் கறுத்து வெளியே வந்தாள்.

“ஆய்வாளர் தளத்துல நம்ம பக்கத்தை பிரிண்ட் எடுத்து வச்சிருக்காங்கடி. என் துறைன்னு என்ன போட்டிருக்கு தெரியுமா? மண், மீன், பெயிண்ட். சந்தைக்குப் போற லிஸ்ட் மாதிரி!”

அக்கா எல்லோருக்கும் அளந்து கொடுத்தவள். ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு துறை. கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் மட்டும் படித்து, தளத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் வரி எழுதும் கணினி நிரலுக்குக் கருவி கண்ணில் படவில்லை.

“உன் பக்கமும் மேசையில இருந்துச்சு. முறைகள்: கருவி அளவீடுன்னு போட்டிருக்கு. என் மெஷினைத் தூக்கி உன் தலையில வச்சிருக்கான்.” அக்கா சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

எந்தக் கட்டுரையால் வந்தது என்று மண்ணாங்கட்டிக்குப் புரிந்தது. இருவர் பேரும் சேர்ந்து வந்த ஒரே கட்டுரை. தலைப்பிலேயே கருவியின் பேர் உண்டு. எழுதியவர்களில் முதல் பேர் மண்ணாங்கட்டியுடையது. அவளைக் கூப்பிட்டார்கள்.

நேர்காணல் குழுத் தலைவர் தாளைத் தட்டினார். “முக்கியக் கட்டுரை இதுதானே? எங்களுக்குத் தேவையான முறை. நீங்க அளந்ததுதானே?”

ஆமாம் என்றால் முடிந்தது. கேட்க அக்கா இங்கே இல்லை.

“நான் அளக்கல சார்.”

“என்னம்மா?”

“மண்ணு எடுத்தது, எழுதினது நான். கடைசிப் பக்கத்துல யார் என்ன செஞ்சாங்கன்னு இருக்கு. தளம் அதை எடுத்துக்கிறதில்ல போல.”

அவர் மடிக்கணினியில் கட்டுரையைத் திறந்து கடைசிக்கு ஓட்டினார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“அளவீடு முழுக்க இன்னொருத்தர். இப்ப வந்துட்டுப் போனாங்களே, அவங்களா?”

“ஆமா சார். அந்த மீனு, பெயிண்டு கட்டுரைங்களோட கடைசிப் பக்கமும் பாருங்க.”

“சரி, நீங்க போகலாம். அவங்களைத் திரும்ப வரச் சொல்லுங்க.”

அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். “என்னடி சொன்ன உள்ள?”

“சந்தை லிஸ்ட்டை விளக்கணுமாம். போக்கா.”

அக்கா அவளையே ஒரு கணம் பார்த்தாள். தோளை அழுத்திப் பிடித்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது.

மண்ணாங்கட்டி கைப்பேசியில் தன் பக்கத்தைத் திறந்தாள். அந்த ‘முறைகள்’ வரியை அவளால் அழிக்க முடியாது. பிழை என்று தெரிவிக்கத்தான் முடியும். தெரிவித்தாள். உள்ளே அக்காவின் குரல் கணீரென்று உயர்ந்தது.

பிறகு அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“அண்ணா, அந்தப் பின்னறை காலியாத்தானே இருக்கு?”