பாக்கில்லாத தட்டம்

சுவிசில், இன்டர்லாக்கனில் நானும் அண்ணையும் ஒரே ஹோட்டலில்தான் வேலை செய்தோம். எண்பத்து மூன்றின் கலவரத்துக்குப் பிறகு அவர் முதலில் வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். அடுத்த ஆண்டு நான் வந்து சேர்ந்தேன். எனக்கு அறை துப்புரவு, அவருக்குச் சமையலறையில் பாத்திரம் கழுவுதல். ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த வேலையாட்களின் கட்டடத்தில் எங்களுக்கு இரண்டு சிறிய அறைகள். உலகத்தில் எங்களுக்கு வேறு யாரும் மிஞ்சவில்லை.

அண்ணை பதினாறு வயதிலிருந்தே வெற்றிலை போடுகிறவர். புகையிலையைத் தொடமாட்டார். அதில் அவருக்கு ஒரு பெருமை. "நான் போடுறது சுத்தமான சாமான். புகையிலை போடுறவனுக்குத்தான் வாய் அழுகும்," என்பார்.

ஆனால் அந்த நாட்களில் சுவிசில் வெற்றிலை கிடைப்பது அரிது. யாராவது கொழும்பிலிருந்து வந்தால், ஈரத் துணியில் சுற்றி ஒரு கட்டு கொண்டுவருவார்கள். ஒரு கிழமையில் கறுத்துப்போகும். காய்ந்த பாக்கோ வேண்டிய மட்டும் கிடைத்தது. சூரிச்சில் கடை வைத்திருந்த ஒருவர் பை பையாக அனுப்பினார். அதனால் இலை இல்லாத காலங்களில் அண்ணை பாக்கை மட்டும் சீவி, இடது கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டு வேலை செய்தார். காலையில் பாத்திரம் கழுவும் மெசின் ஓடத் தொடங்கும்போது வாயில் வைத்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் துப்புவார். பிறகு இன்னொன்று.

முதல் குளிர்காலத்தில், வெற்றிலை வந்திருந்த ஒரு நாள், சமையலறைக்குப் பின்னால் பனியில் சிவப்பாகத் துப்பியிருப்பதை முதலாளியின் மனைவி பார்த்துவிட்டு, யாரோ இரத்த வாந்தி எடுத்திருக்கிறார்கள் என்று அம்புலன்சைக் கூப்பிட்டுவிட்டாள். விசயம் தெரிந்ததும், எல்லோருக்கும் முன்னால் அண்ணையை வாளியும் தும்புத்தடியுமாக வெளியே அனுப்பி, அந்தப் பனியை அள்ள வைத்தாள். சமையல்காரர்கள் யன்னலில் நின்று சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் துப்புவதில்லை. சாற்றை விழுங்கினார்.

சீஸும் உருளைக்கிழங்கும் அவருக்கு வயிற்றில் ஊதும். வெற்றிலை வந்திருக்கும் நாட்களில் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வாய் போட்டு, நல்லதாக ஓர் ஏப்பம் விட்டு, "பாத்தியோ, இதுதான் மருந்து," என்பார். அது பொய்யில்லை. இலை அவருடைய வயிற்றைக் கொஞ்சம் ஆற்றியது உண்மைதான். அந்த உண்மையைப் பாக்குக்கும் சேர்த்து அவர் எழுதிக்கொடுத்துவிட்டார்.

மூன்றாவது வருடம் அவர் என் சமையலில் குறை பிடிக்கத் தொடங்கினார். தூள் கூடிவிட்டது, வாய் எரிகிறது என்றார். நான் தூளைக் குறைத்தேன். இன்னும் எரிகிறது என்றார். கடைசியில் வெறும் பாலில் கத்தரிக்காயை அவித்து வைத்தேன். ஒரு வாய் வைத்தார். கறிக் கோப்பையைச் சுவரில் எறிந்தார்.

"என்னைக் கொல்லத்தான் பாக்கிறாய். ஊரிலை ஒருத்தனும் உன்னைக் கட்டேல்லை. இஞ்சை கொண்டந்து சோறு போடுறன், உனக்கு இந்தத் திமிர்."

நான் சுவரைத் துடைத்தேன். அந்தக் கறியில் ஒரு மிளகாய்கூட இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரிப்பதை நான் காணவில்லை. அப்பிள் பழத்தைக் கடிக்க முடியாமல் துண்டாக்கித் தின்றார். பிறகு துண்டும் உள்ளே போகாமல், கரண்டியால் சுரண்டித் தின்றார். ஒருநாள் கொட்டாவி விட்டவர் பாதியில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தார். நாங்கள் குளிரால் என்று நினைத்தோம். அவரோடு பாத்திரம் கழுவிய சிநேகிதர் ஒருவர் இருந்தார், அவரும் பாக்குக்காரர். "குளிருக்கு நரம்பு இழுக்கும். இன்னும் ரெண்டு பாக்குப் போட்டால் தாடை இளகும்," என்றார். அண்ணை போட்டார்.

பல்வலி வந்தபோதுதான் வைத்தியரிடம் போனோம். பல் வைத்தியர் அண்ணையை வாய் திறக்கச் சொன்னார். திறந்த வாய்க்குள் அவருடைய சின்னக் கண்ணாடி போகவில்லை. "இன்னும், இன்னும்," என்று அவர் அதட்ட, அண்ணையின் கண்ணில் நீர் வந்தது. வைத்தியர் விளக்கைச் சரித்து உள்ளே பார்த்தார். அன்றே பேர்ன் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

பேர்னில் எங்களைப் பார்த்தவர் வயதான ஒரு பெண் டொக்டர். இளமையில் இந்தியாவில் வேலை செய்தவராம். கன்னத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்தார்கள். முடிவு சொல்லும் நாளில், அண்ணை மெல்லுகிற சாமானையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டொக்டர். நான் மேசையில் வைத்தேன்: வாடிய இரண்டு வெற்றிலை, சுண்ணாம்பு டப்பி, சீவிய பாக்கு.

அறை துப்புரவில் கற்ற ஜெர்மன்தான் என்னிடம் இருந்தது. துவாய், கட்டில் விரிப்பு, குப்பை. மிச்சம் சமையலறை வாசலில் கேட்டது. டொக்டர் நிதானமாகச் சொன்ன வசனத்தில் எனக்கு ஒரே ஒரு சொல் பிடிபட்டது: கிறெப்ஸ். அது ஹோட்டல் மெனுவில் இருக்கும்.

"என்னவாம்?" என்றார் அண்ணை.

"நண்டு எண்டு சொல்லுறா, அண்ணை."

"நண்டோ? நான் எங்கை நண்டு சாப்பிட்டனான்? ஒழுங்காக் கேளடி."

நான் திரும்பக் கேட்டேன். பக்கத்தில் நின்ற இளம் உதவி டொக்டர் வாயைப் பொத்திச் சிரித்தான். பெண் டொக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து ஆங்கிலத்தில், "கான்சர்," என்றார். அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஜெர்மனில் நண்டுக்கும் புற்றுநோய்க்கும் ஒரே சொல் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அண்ணை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "அவவுக்குச் சொல்லு, நான் புகையிலை போடுறேல்லை," என்றார்.

சொன்னேன். டொக்டர், என் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்கு ஏற்றபடி மெதுவாக ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு, பென்சிலை எடுத்து மேசையில் இருந்ததைப் பிரித்தார். வெற்றிலையை ஒரு பக்கம் தள்ளினார். இந்த இலையோடு தனக்குப் பெரிய சண்டை இல்லை, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று மென்றால் வயிறு லேசாகலாம், அவ்வளவுதான் என்றார். சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும் என்றார். பிறகு பென்சில் முனையைப் பாக்கின் மேல் வைத்தார். வாயின் உள்தோலை நார் நாராக இறுக்கி, வாயைச் சாத்தியது இதுதான். இந்தியாவில் இப்படி எத்தனையோ வாய்களைப் பார்த்திருக்கிறார். புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சேராவிட்டால் ஆபத்தில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாக்கு கிடந்த அதே இடத்தில்தான் புண்.

"விட்டால் வாய் திறக்குமோ எண்டு கேள்."

கேட்டேன். இறுகிய தோல் பழையபடி இளகாது என்றார் டொக்டர். இப்போதைய கேள்வி வாய் அல்ல, உயிர் என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணையின் முகம் மாறியது. "நீ கூட்டிச் சொல்லுறாய். உனக்கு நான் பாக்குப் போடுறது அருவருப்பு. அதுக்கு இந்த வெள்ளைக்காரியைச் சாட்டுறாய்," என்றார். அறையை விட்டு வெளியே வந்ததும், ஆஸ்பத்திரி நடைவழியில், சட்டைப் பையிலிருந்து பாக்கை எடுத்து வாயில் போட்டார். அந்த டொக்டர் கதவடியில் நின்று பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

ஆனாலும் அண்ணை சத்திரசிகிச்சைக்குப் போனார். இடது கன்னத்தையும் தாடையில் ஒரு பங்கையும் எடுத்துவிட்டு, நெஞ்சிலிருந்து தசையையும் தோலையும் திருப்பி மூடினார்கள். நெஞ்சு மயிர் சில அந்தக் கன்னத்தில் வளர்ந்தது. நான் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார். மூக்கு வழியாகக் குழாய். என்னைத் திட்டுவதற்கு அவருக்குக் கிடைத்த ஒலி ஒரு மாதிரிக் குழைந்த முனகல்தான். நான்தான் அதையும் விளங்கிக்கொண்டேன். வேறு யாருக்கும் விளங்கவில்லை.

கதிர் சிகிச்சையும் முடிந்து வீட்டில் இருந்தபோது சிநேகிதர் வந்தார். அவருடைய தமையன் கொழும்பிலிருந்து வந்திருந்தாராம். ஈரத் துணியில் ஒரு கட்டு வெற்றிலை, பக்கத்தில் பாக்கு. கட்டிலடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தனக்கு ஒரு வாய் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கடை ஆக்கள் ஆயிரம் வருசமாப் போடுறாங்கள். எத்தினை பேருக்கு வந்தது? இது ஆளின்ரை விதிப் பலன். நீ ஒண்டுக்கும் யோசியாதை," என்றார். மென்றபடி, அந்தக் கன்னத்தைக் குனிந்து பார்த்தார். "வடிவாத்தான் தைச்சிருக்கிறாங்கள்."

அவர் போகும்போது, நான் தேநீர் கொடுத்த கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, இது தொத்துமோ? நீர் கோப்பையளைச் சுடுதண்ணியிலை கழுவுறனீரோ?"

அன்று பின்னேரம் அண்ணை வயிற்றைக் காட்டினார். குழாய்ச் சாப்பாடு அவருக்கு ஊதிக்கொண்டே இருந்தது. பிறகு வெற்றிலைக் கட்டைக் காட்டினார். பாக்கை நான் வெளியே எறிந்துவிட்டதை அவர் பார்த்திருந்தார். அதற்கு அவர் கோபிக்கவில்லை. இலை மட்டும், என்று விரலால் காட்டினார். மருத்துவத் தாதி உறைப்பு, காரம் ஒன்றும் வாயில் படக்கூடாது என்றிருந்தாள். அதையும் சொன்னேன். அவர் கையைக் கூப்பினார். என் அண்ணை என்னிடம் கை கூப்பியது அந்த ஒருமுறைதான்.

இலையின் நரம்பைக் கிழித்து, இளஞ்சுடுநீரில் ஊறவைத்து, வடித்து, ஒரு தேக்கரண்டியில் கொடுத்தேன். உதட்டில் பட்டதும் அவர் உடம்பு முழுவதும் தூக்கிப்போட்டது. கதிர் சுட்ட வாய்க்கு அந்தத் துளிச் சாறே நெருப்பு. கெடுதல் செய்யாத பொருளையும் தாங்கமுடியாத இடத்துக்கு அவர் வந்திருந்தார். தேக்கரண்டியைத் தட்டிவிட்டு, என் கையில் அடித்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

நோய் கழுத்தில் கட்டியாகத் திரும்ப வந்தது. ஏரிக்கரை மரங்கள் துளிர்த்த நேரத்தில் போய்விட்டார்.

எரித்துவிட்டு வந்து, என் அறையில் எல்லோரும் கூடினார்கள். தூண் நகரத்திலிருந்தும் பேர்னிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். செத்த வீட்டு முறைப்படி, வந்தவர்களுக்கு வைக்க ஒரு தட்டத்தில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சிநேகிதரே ஒழுங்கு செய்திருந்தார். குசினி அடுப்படியில் அது மூடியபடி இருந்தது. நான் போய் பாக்கு முழுவதையும் அள்ளிக் குப்பைப் பையில் போட்டேன். வெறும் இலைத் தட்டத்தைக் கொண்டுபோய் நடுவில் வைத்தேன்.

முதலில் கை நீட்டிய வயதானவர் தட்டத்தைத் தடவிப் பார்த்தார். "பாக்கு எங்கை, பிள்ளை?"

"இல்லை."

"பாக்கில்லாமல் வெத்திலையோ? இது ஆரின்ரை முறை?"

"இலை வயித்துக்கு நல்லது. போடுங்கோ," என்றேன்.

ஒருவர் என்னைப் பேயறைந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். செத்தவனின் மரியாதையைக் கெடுத்துவிட்டாள், வெளிநாடு வந்து தலை திரும்பிவிட்டது என்று ஒரு பெண் என் காதுபடச் சொன்னாள். இனி இவளை ஆர் கட்டுவான் என்றாள் இன்னொருத்தி.

சிநேகிதர் எழுந்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் தன் சொந்தப் பாக்குப் பையை எடுத்து, தட்டத்தின் நடுவில் கொட்டினார். "கவலையிலை இருக்கிறா, விடுங்கோ," என்றார். எல்லோரும் எடுத்தார்கள். மென்றுகொண்டே அண்ணையின் நல்ல குணங்களைப் பற்றிக் கதைத்தார்கள். அவருடைய வாயில் எப்போதும் பகிடியும் சிரிப்பும்தான் என்றார்கள். நான் கதவடியில் நின்று, வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை நான் வேலைக்குத் திரும்பியபோது, பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு போர்த்துக்கீசன் நின்றான். முதலாளியின் மனைவி, அண்ணையின் அறையை மாத முடிவுக்குள் காலி செய்து, சுவரையும் வடிவாகத் துடைக்கச் சொன்னாள். துடைத்துக் கொடுத்தேன்.