குளிர்ப்பெட்டியில் முளைத்த அவரை

அந்தப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ‘ஏன் டீச்சர்’ என்பார்கள். மழை பெய்கிறது என்றால் ஏன், ஜன்னல் கண்ணாடி வேர்க்கிறது என்றால் ஏன். வீட்டுக்காரர் காபி ஆறிப்போச்சு என்று முணுமுணுத்தால், “ஏன்னு யோசிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டு அதே ஆறின காபியைக் கையில் கொடுக்கிற ஆள். இருபது வருஷமாக இந்தப் புத்தி மாறவில்லை. அந்த மனுஷரும் பாவம், பழகிப்போனார்.

தலைமையாசிரியருக்கு வேறு குணம். சிக்கனம் என்றால் அவருக்கு உயிர். எந்த அறையில் விளக்கு எரிந்தாலும் பட்டென்று அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. அவர் ஒருநாள் டீச்சரைக் கூப்பிட்டு, “ஆய்வகப் பீரியடு எதுக்கு மேடம்? விடைதான் புத்தகத்துலயே இருக்கே! கணக்குக்குக் குடுத்தா மார்க்காவது ஏறும்” என்றார். டீச்சருக்குச் சுருக்கென்றது. “பசங்க அறிக்கையைப் படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்” என்றார். “சரி, செவ்வாய்க்கிழமை காட்டுங்க. புத்தகத்துல இல்லாத ஒரு வரி இருந்தாப் பீரியடு உங்களுக்கு” என்றார் அவர்.

வியாழக்கிழமை மதியம் நாலு புட்டிகள் தயாராயின. முதலாவதில் ஈரப் பஞ்சின் மேல் அவரை விதைகள். இரண்டாவதில் காய்ந்த பஞ்சு. மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீருக்கடியில் விதைகள், காற்று உள்ளே போகாதிருக்க மேலே எண்ணெய். நான்காவதிலும் ஈரப் பஞ்சுதான், ஆனால் அது ஆசிரியர் அறைக் குளிர்ப்பெட்டிக்குப் போனது. குளிர்ப்பெட்டிக்குள் இருட்டு என்பதால் மற்ற மூன்றையும் டீச்சர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். “ஏன்?” என்று கேட்டார். “வெளிச்சம் எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கணும் டீச்சர், அப்பத்தான் குளிர் செஞ்ச வேலை எதுன்னு தெரியும்” என்று முன்வரிசை முழங்கியது. டீச்சருக்கு வாயெல்லாம் பல்.

அப்புறம் வெள்ளி, சனி, ஞாயிறு விடுமுறை. திங்கள் மாலை அறிக்கைகள் மேசைக்கு வந்தன. டீச்சர் திருத்த உட்கார்ந்தார். ஈரம், வெப்பம், காற்று மூன்றும் இருந்த விதை முளைத்தது. ஈரமில்லாதது முளைக்கவில்லை. காற்றில்லாதது முளைக்கவில்லை. குளிரில் இருந்தது முளைக்கவில்லை. சரி, சரி, சரி என்று சிவப்பு மை ஓடியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிற ஒரு பெண் உண்டு, கொட்டாவி ராணி என்று பட்டம். அவள் தாளில் மட்டும், ‘குளிர்ப்பெட்டியில் இருந்தது முளைத்தது’ என்றிருந்தது. “தூங்கி வழிஞ்சா இப்படித்தான்!” என்று டீச்சர் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

போட்ட பிறகுதான் அடுத்த வரி கண்ணில் பட்டது. ‘காலையில் முதல் ஆளாகப் போய்த் திறந்தேன். உள்ளே சில்லென்று இல்லை, விளக்கும் எரியவில்லை. சுவரில் சுவிட்சு அணைந்திருந்தது. நான்தான் போட்டேன்.’

டீச்சர் எழுந்து ஓட்டமும் நடையுமாக ஆசிரியர் அறைக்குப் போனார். குளிர்ப்பெட்டி இப்போது ஜில்லென்றுதான் இருந்தது. ஆனால் புட்டிக்குள் ஒவ்வொரு விதையும் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வேரை நீட்டியிருந்தது. அட கடவுளே! இத்தனை பேரில் ஒருத்திதான் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள். மற்றதுகள் எல்லாம் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கின்றன. அதுகளைத் திட்ட வாயெடுத்தவருக்குத் தன் கையில் இருந்த சிவப்புப் பேனா தெரிந்தது. ஊரையெல்லாம் ஏன் ஏன் என்று குடைகிற நான், இந்தப் பிள்ளையை ஒரு ஏன் கேட்கவில்லையே! வெட்கமாகப் போய்விட்டது அவருக்கு.

செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் அறிக்கைக் கட்டைப் புரட்டினார். “எல்லாம் ஒரே அச்சு. நான் சொல்லல?”

“அடியில இருக்கறதைப் படிங்க சார்.”

படித்தார். சுவிட்சு என்ற இடத்தில் நின்றார். காதுமடல் சிவந்தது. “மூணு நாள் லீவாச்சே, கரண்டு எதுக்கு வீணாப் போகுதுன்னு...” என்று இழுத்தார். அப்புறம் அவரே தொடையைத் தட்டிச் சிரித்துவிட்டார். “அப்ப குளிர் போனதும் முளைச்சிருக்கு! இது புத்தகத்துல இல்ல மேடம்.”

“பீரியடு?”

“உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க. ஆனா அந்தப் புட்டியை மறுபடி வைக்கணும், நானும் பாக்கணும். ஆமா, இந்தப் பிள்ளைக்கு ஏன் தப்பு போட்டிருக்கீங்க?”

டீச்சர் அந்தத் தாளை உருவிக்கொண்டார். நேரே வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சின் முன்னால் நின்றார். “நீ எழுதினது சரி. நான் போட்டதுதான் தப்பு” என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிப் பேனாவை அவளிடம் நீட்டினார். “அடிச்சிடும்மா.”

கொட்டாவி ராணி பேனாவை வாங்கவில்லை. நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “பாக்காமயே ஏன் டீச்சர் போட்டீங்க?”

வகுப்பே கொல்லென்று சிரித்தது. இருபது வருஷத்தில் முதல்முறையாக அந்தக் கேள்விக்கு டீச்சரே கைகட்டி நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று.