எருமைக்குத் தீவனம், ஊருக்குச் சாட்சி

உசிலம்பட்டிப் பக்கம் மாடு வைத்திருப்பவரிடம் வயதைக் கேட்கலாம், நகையின் எடையைக் கேட்கலாம். மாடு எவ்வளவு கறக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. இந்தச் சட்டம் தெரிந்தே நாகஜோதி அதை மீறினாள்.

தினம் பதினோரு மணி நேரம் நின்றே பார்த்த ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடத்துக்கு முன் மாட்டுத்தீவனம் அரைக்கத் தொடங்கியவள் அவள். சோளம், பிண்ணாக்கு, தவிடு, தாது உப்பு. மூட்டையில் 'ஜோதி தீவனம்' என்று அச்சும் போட்டாயிற்று. திருப்பரங்குன்றத்தில் தீவனக் கடை வைத்திருக்கும் சுபலட்சுமி அக்கா அதைத் தன் கடையில் விற்க ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"நல்லாருக்குன்னு நீ சொல்லாத. வாங்குனவுக சொல்லணும், படத்தோட. சனிக்கிழமை உன் ஃபேஸ்புக் பக்கத்தைப் பாப்பேன். பத்துப் பேராவது இருக்கணும்."

அந்தக் கடையில் மூட்டை ஏறாவிட்டால் மறுபடி ஜவுளிக்கடை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அன்று திங்கட்கிழமை.

மூட்டை வாங்கிய நாற்பத்திரண்டு பேருக்கும் வாட்ஸ்அப்பில் பணிவாக எழுதினாள்: மாட்டோடு நின்று ஒரு படம், பால் எத்தனை லிட்டர் கூடியது என்று ஒரு வரி. நாற்பத்திரண்டு பேரும் படித்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் மௌன விரதம் பூண்டார்கள்.

புதன்கிழமை விருமாண்டி வீட்டுக்கே போனாள். மூன்று மாதமாக அவளிடமே வாங்குகிறவர்.

"படம் கேட்டேனேண்ணே."

"எதுக்குத்தா? பாலு எம்புட்டுன்னு போட்டு, நாலு பேரு கண்ணு பட்டு, மடி வத்திப் போகவா?"

"அப்ப தீவனம் சரியில்லையா?"

"சரியில்லாட்டி வாங்குவேனா? கேக்குறா பாரு கேள்வி."

அவருடைய பாராட்டு இங்கே தொடங்கி இங்கேயே முடிந்தது.

வியாழக்கிழமை வீட்டுக்காரன் அழகுராஜா குடும்பத்தைக் காக்கக் களம் இறங்கினான். சித்தப்பா மகன்கள் மூவர் கணக்கிலிருந்து அவள் பக்கத்தின் மதிப்புரைப் பகுதியில் மூன்று புகழுரைகள். மூன்றுக்கும் இணையத்தில் எடுத்த மாட்டுப் படங்கள். மாலை ஐந்து மணிக்குச் சுபலட்சுமியின் போன் வந்தது.

"நாகஜோதி, அந்தக் கறுப்பு வெள்ளை மாடு எந்த ஊரு?"

"இங்கதாங்க்கா, பக்கத்துல."

"பின்னாடி வெள்ளையா பனிக்கட்டி கிடக்கே. உசிலம்பட்டியில எப்பம்மா பனி பெஞ்சுச்சு?"

நாகஜோதி உண்மையைச் சொன்னாள்.

"சனிக்கிழமைன்னு சொன்னேன். சனிக்கிழமையே பாக்குறேன்" என்று அக்கா போனை வைத்தார்.

மதிப்புரையைப் போட்டவன்தான் அதை நீக்க முடியும். இருவர் உடனே நீக்கினார்கள். மூன்றாமவனுக்குப் போன் அடித்தால் அணைந்திருந்தது. பனியில் நின்ற மாடு வெள்ளிக்கிழமை மதியம் வரை ஜோதி தீவனத்தைப் புகழ்ந்துகொண்டே இருந்தது.

"நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றான் அழகுராஜா.

"நீங்க சும்மா இருந்தாலே நல்லதுதாங்க."

வியாழக்கிழமை ராத்திரியே அவளுக்கு உறைத்திருந்தது: பதில் சொல்லாதவர்களிடம் கோளாறு இல்லை, கேள்வியில்தான் கோளாறு. வெள்ளிக்கிழமை காலையில் மாற்றி எழுதினாள். 'மொகமும் வேணாம், மாடும் வேணாம், பாலும் வேணாம். தீவனம் நல்லதா கெட்டதான்னு நீங்க எதை வச்சுக் கண்டுபிடிச்சீங்களோ, அதை மட்டும் படம் எடுத்து அனுப்புங்க. குறை இருந்தாலும் சொல்லுங்க. என் ஃபேஸ்புக் பக்கத்துல போடலாமா வேணாமான்னும் சொல்லுங்க.'

பத்து நிமிடத்தில் முதல் படம் வந்தது. சாணி.

அடுத்ததும் சாணி. அழகுராஜா போனை எட்டிப் பார்த்துவிட்டு, காலை இட்லியைப் பாதியில் வைத்தான். மாடு வளர்ப்பவர்கள் தீவனத்தை எடை போடுவது அதில்தான்: செரித்தால் மடிப்பு மடிப்பாகக் கட்டியாக விழும், செரிக்காவிட்டால் சோளம் முழுசாகத் தெரியும். சாயங்காலத்துக்குள் பதினான்கு பேர். விருமாண்டி, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் தீப்பெட்டி வைத்து எடுத்திருந்தார். இருளாயி என்ற கிழவி மட்டும், 'மொத ரெண்டு நாளு எரும வாய் வைக்கல' என்றும் குரல்பதிவு அனுப்பியிருந்தாள். அனுமதி தந்த பன்னிரண்டையும் நாகஜோதி ஏற்றினாள், அந்தக் குறையோடு.

சனிக்கிழமை சுபலட்சுமி கடையில் நின்றபடி அவள் காத்திருந்தாள். அக்கா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஒரு படத்தைப் பெரிதாக்கினார்; நகை மதிப்பீட்டாளர் கூட அவ்வளவு கூர்ந்து பார்த்திருக்க மாட்டார்.

"இந்தக் குறை சொன்ன அம்மா நம்பரக் குடு."

நாகஜோதி முதலில் இருளாயியிடம் கேட்டுவிட்டு நம்பரைச் சொன்னாள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"தீவனம் எப்படிம்மா?"

"மொத ரெண்டு நாளு திங்கல. பழைய தீவனத்தோட கலந்து வைக்கச் சொன்னா அந்தப் பிள்ள. வச்சேன், தின்னுச்சு. சாணி கட்டியா விழுகுது. அம்புட்டுத்தான் சொல்லுவேன். பாலைப் பத்திக் கேட்டீகன்னா போனை வச்சிருவேன்."

"கேக்கல ஆத்தா" என்றார் சுபலட்சுமி. "புரிஞ்சுபோச்சு."

போனை வைத்தவர் நாகஜோதியைப் பார்த்தார்.

"இருவது மூட்டை அனுப்பு. கலந்து வைக்கணும்கிறத மூட்டையிலயே அச்சடிச்சிரு. அந்தப் படங்கள்ல ரெண்டு மூணு பெருசா அடிச்சுக் குடு, கடை வாசல்ல மாட்டணும்."

"எதைக்கா?"

"தீப்பெட்டி இருக்குதே, அதை நடுவுல."