மெத்தைக் கடையின் வெள்ளிக்கிழமை வீடியோ

கடைத்தெருவில் அவளைப் 'பேஜ்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். சாவிக் கடை, கண்ணாடிக் கடை, நாய்த் தீனிக் கடை, மெத்தைக் கடை என்று நான்கு கடைகளின் சமூக ஊடகப் பக்கங்கள் அவள் கையில் இருந்தன. ஒரு கடைக்கு மாதம் பன்னிரண்டு போஸ்ட், நான்கு வீடியோ, வருகிற மெசேஜுக்கு அன்றன்றைக்கே பதில், மாதக் கடைசியில் ஒரு பக்க ரிப்போர்ட். இதுதான் அவளுடைய பேக்கேஜ். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். சாவிக் கடைக்காக மாதம் பன்னிரண்டு முறை சாவியைப் பற்றிப் புதிதாக என்ன சொல்வது என்று யோசித்துப் பாருங்கள், அப்போது தெரியும் வண்டவாளம்.

நான்கில் பெரிய பேக்கேஜ் மெத்தைக் கடைதான். அதன் முதலாளி அவள் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா, அவளுக்கு மாமா முறை. சொந்தக்காரர் வாடிக்கையாளரானால் எப்படி இருக்கும்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். கடைப்பெயரைப் பெரிசாக்கு, இன்னும் பெரிசாக்கு என்பார். பெரிசாக்கினால் மெத்தை எங்கே என்பார்.

அந்த மாதத் தொடக்கத்தில் என்றைக்கு எதைப் போடுவது என்று எழுதிய காலண்டரைக் காட்டப் போனபோது மாமா அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ஏம்மா, நீயும் ஆறு மாசமா போட்டுட்டு இருக்க. மெத்தை போன பாட்டைக் காணோம். இந்த மாசம் பாப்போம். இல்லன்னா நிறுத்திக்கலாம், தப்பா நெனச்சுக்காத."

"சரிங்க மாமா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மெத்தைக் கடை போனால் மற்ற மூன்று கடைகளும் சேர்ந்து அவள் வீட்டு வாடகைக்கே காணாது. பழையபடி வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களிடமெல்லாம் திட்டு வாங்க வேண்டும். அதற்கு ஓணானே தேவலை.

காலண்டரில் இரண்டாவது வெள்ளிக்கிழமைக்கு நேராக, 'மாமா மெத்தையின் மென்மையை விளக்குகிறார்' என்று எழுதியிருந்தாள். அதை எடுக்க மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு போனதுதான் முதல் தப்பு. ஸ்டாண்டில் போனை மாட்டி ஓட விட்டாள். மாமா சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "வணக்கம்" என்று ஆரம்பித்து, நன்றாகவே பேசினார். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் வந்து நின்று கூப்பிட்டார். எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவளை அவர் லேசில் விடவில்லை. திரும்பி வந்தபோது மாமா மெத்தையில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார். "நல்லா வந்துச்சும்மா" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறையும் எடுத்தாள். அதைத்தான் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு அழகாக்கினாள்.

ஆனால் இரண்டு வீடியோவுக்கும் முதல் காட்சி ஒன்றே: சட்டையை இழுத்து விட்டுக்கொள்ளும் மாமா. வெள்ளிக்கிழமை தானாக வெளியாகும்படி ஷெட்யூல் செய்யும்போது அந்தச் சின்னப் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, எதை ஏற்ற வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்றதை ஏற்றிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் சாவிக் கடையில் ஒரு பூட்டைப் பல கோணத்தில் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது போன் உறும ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தாள். ஐயோ என்றிருந்தது.

வீடியோவில் மாமா, "இதுல படுத்தீங்கன்னா அப்படியே..." என்று சொல்லியபடி சாய்கிறார். அந்த வாக்கியம் முடியவே இல்லை. வாய் திறக்கிறது, குறட்டை வருகிறது. சாதாரணக் குறட்டையா அது, ஷட்டரை இறக்குகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வருகிறார்கள். "பேஜ்ல பாத்துட்டு வந்தோம், அந்த ரெட்டை மெத்தை என்ன விலைங்க?" என்று கேட்கிறார் கணவர். குறட்டை. மறுபடியும் கேட்கிறார். குறட்டை ஒரு சுருதி ஏறுகிறது. "பாவம், தூங்கட்டும்" என்கிறாள் மனைவி. இருவரும் கால்விரலை ஊன்றிச் சத்தமில்லாமல் வெளியே போகிறார்கள்.

அவள் பார்ப்பதற்குள் ஊரே பார்த்துவிட்டது. மாமாவே கூப்பிட்டார். "என் மானத்தைக் கப்பலேத்திட்டியேம்மா" என்றார். அவள் மன்னிப்புக் கேட்டு, இதோ அழித்துவிடுகிறேன் என்றாள். அதற்குள் யாரோ கடைக்குள் வந்து அவரோடு நின்று படம் எடுக்க வேண்டும் என்று கேட்டது போனில் காதில் விழுந்தது. "சரி, இப்ப அழிக்க வேணாம். சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார் மாமா.

சாயங்காலமும் அழிக்கச் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே மாமா தலைக்கு மை அடித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலண்டரையும் முதல்முறையாகக் கேட்டு வாங்கினார்.

"வர்ற வெள்ளி என்ன போட்டிருக்க? தலகாணி உறையா? அதைத் தூக்கிப் போடு. நான் தூங்குறேன்."

தூங்குவதாவது! கேமராவைப் பார்த்ததும் மாமாவுக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஒரு சொம்பு மோர் குடித்தார். விசிறச் சொன்னார். "கணக்கு எதாவது படிம்மா, தூக்கம் வரும்" என்றார். அவள் போன மாத ரிப்போர்ட்டையே படித்துக் காட்டினாள். அப்போதும் வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடுவதாக நடித்தார். அதைப் போட்டதும், 'பெரியவர் நடிக்கிறார்' என்று வீடியோவுக்குக் கீழே கமெண்ட் வந்து குவிந்தது. மாமாவுக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

மாதக் கடைசி வந்தது. ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தவளுக்குக் கை அரித்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, அதோடு நிறுத்திக்கொண்டால் மாமா மாலை போடுவார். வேலையும் நிலைக்கும். ஆனால் அது பொய்க்குப் பொட்டு வைத்தது போல. பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு வேறு ஊர்க்காரர்கள். வந்த மெசேஜில் பெரும்பாலும் 'அந்த மாமா யாரு?' என்றுதான் இருந்தது. விலை கேட்டவர்கள், கடைக்கு வழி கேட்டவர்கள் எல்லாம் போன மாதத்தைப் போலத்தான். உள்ளதை உள்ளபடி எழுதினாள். எழுதி முடித்ததும் அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள் மாமா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். வரவு செலவைப் பார்ப்பது அத்தைதான், காசை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். மாமா படித்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இவ்வளவு பேர் பாத்தும் மெத்தை போகலன்னா என்ன பிரயோஜனம்? நிறுத்திடலாம்."

"வழி கேட்டவங்கன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்ன?" என்றார் அத்தை.

"பேஜ்ல கடைக்கு வழி காட்டுற பட்டனை அழுத்தினவங்க அத்தை. மாசாமாசம் முப்பது, நாப்பது பேர் அழுத்துறாங்க."

"கடைக்கு வரத்தானே அழுத்துவாங்க?"

"பெரும்பாலும் அதுக்குத்தாங்க. வந்தாங்களான்னு எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். அந்த வீடியோவுல ரெண்டு பேர் வந்து வெலை கேட்டுட்டு, பூனை மாதிரி போனதை நானும்தானே பாத்தேன்." அத்தை மாமாவின் பக்கம் திரும்பினார். "மத்தியானம் போன் பண்ணினா எடுக்க மாட்டீங்க. கேட்டா கூட்டம்னு சொல்வீங்க. இதுதான் அந்தக் கூட்டமா?"

மாமா கழற்றி வைத்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"பாவம், இந்தப் பொண்ணு ஆறு மாசமா ஆளைக் கூட்டிட்டு வந்து விட்டிருக்கு. வெலை சொல்லத்தான் ஆள் முழிச்சிருக்கல." அத்தை பீரோவைத் திறந்து அடுத்த மாதப் பணத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். "நாளைலேருந்து மத்தியானம் கடையில நான் இருப்பேன்னு பேஜ்ல போடும்மா. காலண்டர்லயும் எழுதிக்கோ."

"அப்ப நான்?" என்றார் மாமா.

"வீட்லயே படுத்துத் தூங்குங்க."

"இந்த மெத்தையிலயா? நடுவுல பள்ளமா இருக்கே, இதுல மனுஷன் தூங்குவானா?"

"அப்படின்னா கடைக்கு வந்து வெலை கேளுங்க" என்றார் அத்தை. "நான் முழிச்சுத்தான் இருப்பேன்."