சாந்தினிக்கும் நன்றி

போன கிழமை மகள் வதனிக்கு நியமனக் கடிதம் வந்தது. இனி அவள் ஒரு பாடசாலைக்கு அதிபர். சைக்கிளில் மீன்பெட்டி கட்டித் திரிந்தவன் நான். கையெழுத்து வைக்கப் பழகியதே நாற்பது வயதில். எனக்கு ஒரு அதிபர் மகள்!

"படம் பிடிச்சுப் பேஸ்புக்கில போடல்லையா புள்ள?"

"இல்லப்பா. ஒண்டும் போடமாட்டன்."

கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு அரிசி கழுவப் போய்விட்டாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்ல வேண்டும். சாந்தினியிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "சொல்லுங்க மாமா, இனி ஆருக்கு ஒளிக்க?" என்றாள். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல வதனிதான் எழுதுகிறாள். இன்று பேனா மெதுவாகத்தான் போகிறது.

சாந்தினி என் தோணிக்காரன் கணபதிப்பிள்ளையின் மகள். அவனும் நானும் முப்பது வருடம் ஒரே தோணியில் வாவியில் வலை போட்டவர்கள். வதனியும் சாந்தினியும் ஒரே பாடசாலையில் ஆசிரியைகள். அதிபர் சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எங்கள் குருக்கள்மடத்து வீட்டுக் குசினி மேசையில் இரண்டு வருடம் ஒன்றாகப் படித்தார்கள். பழைய வினாத்தாள்களை சாந்தினிதான் தேடிக் கொண்டுவருவாள். வதனிக்குப் புரியாத சுற்றுநிருபங்களை அவள்தான் விளக்குவாள். வயதெல்லை காரணமாக அவளுக்கு அது கடைசித் தடவை.

முடிவு வந்தது. வதனி எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தாள். சாந்தினி இல்லை... நாலைந்து புள்ளிகளில் போயிற்று.

முன்பு முடிவுகளைப் பாடசாலைச் சுவரில் ஒட்டுவார்கள். கேட்டடியில் இறால் விற்றுக்கொண்டு நான் பார்த்திருக்கிறேன். பாஸானவர்கள் முன்வாசலால் சத்தம் போட்டுக்கொண்டு வருவார்கள். பெயிலானவர்கள் பின்பக்கத்தால் போய்விடுவார்கள். யாரும் அவர்களை மறிக்கமாட்டார்கள். இப்போது அப்படிப் போக ஒரு பின்பக்கம் எங்கே இருக்கிறது?

வதனி மூன்று நாள் எழுதி எழுதி அழித்தாள். முதலில் முடிவின் ஸ்கிரீன் ஷொட்டைப் போடப் பார்த்தாள். அதில் சுட்டெண், அடையாள அட்டை இலக்கம், புள்ளிகள் எல்லாம் இருந்தன. "புள்ளியக் காட்டினா மத்தவங்கட புள்ளியக் கேக்கிற மாதிரி" என்று விட்டுவிட்டாள். "அதிபராகத் தெரிவாகியுள்ளேன்" என்று எழுதினாள். நேர்முகத்தேர்வு இன்னும் நடக்கவில்லையே! "எழுத்துப் பரீட்சையில் சித்தி" என்று குறைத்தாள். "நான் எதிர்பார்க்கவே இல்லை" என்று ஒன்று. அது பொய். இரண்டு வருடம் கண்முழித்தவள் அப்படிச் சொன்னால், எதிர்பார்த்துத் தோற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? "சிறியேன்" என்று ஒன்று. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கடவுள் உழைப்பவரைக் கைவிடமாட்டார்" என்று ஒன்று. அதையும் அவளே அழித்தாள். "அப்ப சாந்தினி உழைக்கல்லையாப்பா?"

அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

"நான் நான் எண்டு எழுதினாத்தான் பெருமையாத் தெரியும். சாந்தினிக்கு நன்றி எண்டு போடு. அவள் இல்லாட்டி நீ எங்க பாஸ் பண்ணுற?"

"அவளிட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டுப் போடுவமாப்பா?"

"நன்றி சொல்லவும் உத்தரவு கேக்கணுமாகா?"

போட்டாள். "எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தேன். என்னோடு இரண்டு வருடம் ஒன்றாகப் படித்த தோழி சாந்தினிக்கு இதில் பாதி சொந்தம். நன்றி." சாந்தினியின் பெயரை டேக்கும் செய்தாள். படத்தில் புத்தகம் குவிந்த அந்தக் குசினி மேசை. ஆள் இல்லை. பெருமை ஒரு துளி இல்லை. நான் திருப்தியாகத் தேநீர் குடித்தேன்.

பத்து நிமிடத்தில் கமெண்டுகள் வரத் தொடங்கின.

"இருவருக்கும் வாழ்த்துக்கள்!"

"ரெண்டு அதிபர்மார்! எங்கட ஊருக்கே பெருமை!"

பாதி சொந்தம் என்றால் அவளும் பாஸ் என்றுதானே சனம் நினைக்கும்? டேக் செய்தபடியால் சாந்தினிக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அது போயிற்று. அவளோ வகுப்பில். போன் கைப்பைக்குள்.

கணபதிப்பிள்ளை பாரிசவாதத்தில் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முடிவு வந்ததையே அவள் அவனிடம் சொல்லவில்லை. அடுத்த கிளினிக் முடியட்டும், ஆறுதலாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி போனைப் பார்த்துவிட்டு, ஒரு தட்டில் தொதல் இனிப்போடு அவன் கட்டிலடிக்குப் போய்விட்டாள். "மகள் அதிபராயிட்டாள் அண்ணே!"

அழுதானாம். சரியாக வராத வாயால் சிரித்தானாம். பின்னேரம் சாந்தினி வீட்டுக்கு வந்தபோது, அசையக்கூடிய ஒரு கையைத் தூக்கி அவளைக் கும்பிட்டானாம். மகளைக் கும்பிடுகிற தகப்பனிடம் யார் உண்மை சொல்வது? அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

ராத்திரி வதனி பதறிப்போய்ப் பெயரை எடுத்தாள். கமெண்டுகள் அப்படியே கிடந்தன. "சாந்தினிட பெயர ஏன் எடுத்த? பாஸானதும் சண்டையா?" என்று ஒருத்தி சிரிப்புப் படத்தோடு கேட்டாள். முதலில் எழுதியதையும் விரும்பினவர்கள் தட்டிப் பார்க்கலாமாம். கடைசியில் முழுவதையும் அழித்தாள். சாந்தினிக்கு போன் எடுத்தாள். "பரவாயில்லகா. நீ நல்லதுக்குத்தானே போட்ட" என்றாளாம். அதன்பிறகு அந்த மேசைக்கு அவள் வரவில்லை.

அடுத்த நாள் நான் கணபதிப்பிள்ளையைப் பார்க்கப் போனேன்.

"மச்சான்... உன்ர மகள்... என்ர மகள்... ரெண்டு பெரிய கதிரை!"

வாசலில் சாந்தினி நின்று என்னைப் பார்த்தாள்.

"ஓம் மச்சான்" என்றேன்.

ஒரு "ஓம்" போதவில்லை. நான்கு மாதம் சொன்னேன். எந்தப் பள்ளிக்கூடம்? கடிதம் வரல்ல மச்சான். மறுகா எப்ப வரும்? வரும், வரும். என் பொய் அவனுக்கு மருந்து மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மருந்தை ஒவ்வொரு நாளும் பருக்கியது நானில்லை, சாந்தினி. காலையில் அவன் பார்க்கட்டும் என்று நல்ல சேலை உடுத்து, அவன் முன்னால் ஒருமுறை நின்றுவிட்டுத்தான் அதே பழைய வகுப்புக்குப் போவாள்.

அவன் செத்த அன்று, கொழும்பிலிருந்து வந்த அவனுடைய தம்பி மரண அறிவித்தல் அடித்துத் தெருவெல்லாம் லைட் போஸ்டுகளில் ஒட்டிவிட்டார். எங்கள் பக்கத்து அறிவித்தல்களைத் தெரியும்தானே? பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் உத்தியோகம் வரும். "சாந்தினி (அதிபர்) அவர்களின் அன்புத் தந்தையும்..."

செத்தவீட்டுக்கு வலயக் கல்வி அலுவலக ஆட்கள் வருவார்கள். உடன் படிப்பிக்கும் ஆசிரியர்கள் வருவார்கள். எல்லோரும் வாசிப்பார்கள். நான் வெயிலில் போஸ்ட் போஸ்டாகப் போய், அந்த ஒரு சொல்லை நகத்தால் சுரண்டினேன். பசை காயவில்லை, இலேசாக வந்தது. நாலாவது போஸ்டில் சாந்தினி வந்து என் கையைப் பிடித்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"விடுங்க மாமா. இது அப்பாட பேப்பர். இதில அவருக்குத் தெரிஞ்ச மாதிரியே நான் இருந்திட்டுப் போறன்."

"சனம் கேட்டா என்ன புள்ள சொல்லுவ?"

"பெயில் எண்டு சொல்லுவன். இனிச் சொல்லலாம்தானே."

அன்று முழுக்கக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொன்னாள். தகப்பனின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

யாருக்காவது நன்றி சொல்வதாக இருந்தால்... அவர் வீட்டுக்கு நடந்துபோய்ச் சொல்லுங்கள்.