இரண்டு நிமிட இருட்டு

“மேகம் என்ன பெரிய மேகம்? வண்டி எடுத்து, வெளுத்த வானத்தைத் தொரத்திப் பிடிப்பேன். என் ஆயுசுல ஒரு முழு சூரிய கிரகணத்தையும் விட மாட்டேன்!” என்று பல்செட் கட்டுபவர் தம் கடைவாசலில் முழங்கினார். கேட்டவர்கள் அவர் கட்டிய பல்லைக் காட்டியே சிரித்தார்கள்.

நான்கு கிரகணங்கள் அவர் சொல்லைக் காப்பாற்றின. ஒவ்வொரு தடவையும் மனைவி கெஞ்சுவார்: “கடற்கரை ஊராப் பாருங்களேன். நாலு நாள் காலை நீட்டி உக்காருவோம்.”

அவரோ இருபது வருட மேகக் கணக்கை விரிப்பார். “கடலோரம் நூத்துக்கு அறுபது மேகம்டி! மேட்டுநிலம்னா இருபதுதான்.” ஆகவே அம்மையாரின் விடுமுறைகள் யாவும் புழுதிக்காட்டில் ஒரே பகலில் இனிதே முடிந்தன.

ஐந்தாவது கிரகணத்துக்குள் மனைவியின் புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது. மேட்டுநிலத்துக் குண்டும் குழியுமான சாலை கூடவே கூடாது என்றார் மருத்துவர். பல்செட்காரர் கணக்கை மடித்து வைத்துவிட்டு, கடலோர விடுதியில் நான்கு நாளுக்கு அறை எடுத்தார்.

கிரகணத்தன்று வானம் மூடிக்கொண்டது. முழு மறைப்புக்கு அரைமணி இருக்கையில் அவர்களின் வாடகைக் கார் ஓட்டுநர் ஓடி வந்தார்.

“சார், தெற்கே பத்து கிலோமீட்டர்ல வானம் வெளுத்திருக்கு. இப்பக் கெளம்பினா பிடிச்சிரலாம்!”

“போயிட்டு வாங்க. நான் இங்கதானே இருப்பேன்?” என்றார் மனைவி.

அதுதான் பல்செட்காரருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

“நீ போய்ப் பாருப்பா” என்று ஓட்டுநரிடம் கிரகணக் கண்ணாடியைக் கொடுத்தார்.

மேகத்துக்கு அடியில் கடல் சட்டென்று இருண்டது. அந்த இரண்டு நிமிடமும் அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. மனைவியின் வீங்கிய கால்களைத் தம் மடிமேல் நீட்டி வைத்துக்கொண்டிருந்தார்.