சத்தம் போடாத குக்கர்

என் மனைவியின் தம்பி வாலாஜாபாத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது, சாப்பிட்டுக் கிளம்பலாமென்றால் இறக்கி வைத்த பருப்புக் குக்கர் திறக்கவில்லை. வெயிட்டைத் தூக்கினான். புஸ்ஸென்ற சத்தமே இல்லை.

"ஆவி பூடுச்சு மாமா," என்று பம்புசெட் ஸ்பேனரால் மூடியை நெம்பப் போனான்.

மனைவி ஸ்பேனரைப் பிடுங்கினாள். "வெயிட்டு ஓட்டையில பருப்பு அடச்சிக்கினு கீதுடா. ஆவி உள்ளதான் கீது. நெம்புனா அம்மாம் பருப்பும் மூஞ்சில. பொண்ணு பாக்கப் போற மூஞ்சிடா அது!"

குக்கரைத் தொட்டித் தண்ணீரில் வைத்தோம். நன்றாக ஆறியதும் ஓட்டையை ஊசியால் குத்தினாள்; மூடி சாதுவாகத் திரும்பியது. பேருந்து போய்விட்டிருந்தது. என் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். பெண் வீட்டார் அவன் முகத்தைப் பார்த்தார்கள். பிடித்திருப்பதாகத்தான் சொன்னார்கள்.